ஃபார்மட் போடுவதா, அப்கிரேடு செய்வதா?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதிலிருந்து வீடுகளிலும் கடைகளிலும் ஒரே கேள்வி. விண்டோஸ் 11-க்கு எப்படி மாறுவது? திரையில் வரும் பொத்தானை அழுத்தி, இருக்கிற கோப்புகள், மென்பொருள்கள் எல்லாவற்றோடும் அப்படியே மேலேறலாம். இதற்கு இன்-பிளேஸ் அப்கிரேடு என்று பெயர். அல்லது டிஸ்க்கைத் துடைத்துவிட்டு விண்டோஸை முதலிலிருந்து ஏற்றலாம். இது கிளீன் இன்ஸ்டால். நம்மூரில் ‘ஃபார்மட் போடுவது’ என்கிறோம்.

நன்றாக ஓடும் கணினிக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. அப்கிரேடு போதும். ஆன் செய்தால் திரை வரவே நாலைந்து நிமிடம், ஒரு பைலைத் திறந்தால் ஹேங், சி டிரைவில் சிவப்புக் கோடு என்று கிடக்கும் கணினிக்குத்தான் யோசனை தேவைப்படுகிறது. அப்படிப்பட்ட கணினிக்குக் கிளீன் இன்ஸ்டால்தான் சரி என்பது என் கருத்து. ஆனால் அதைத் தொடங்கும் முன், கணினி எதனால் மந்தமாயிற்று என்று பார்த்துவிட வேண்டும். பாதிப் பேர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதனால்தான் ஃபார்மட் போட்டும் இரண்டே மாதத்தில் பழைய கதை திரும்புகிறது.

அப்கிரேடு உள்ளே என்ன செய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். பழைய விண்டோஸின் மேல் புதியது பூசப்படுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். விண்டோஸ் 95, 98 காலத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. இப்போது அப்படியில்லை. புதிய விண்டோஸின் கோப்புகள் தனி ஃபோல்டரில் முழுதாக விரிக்கப்படுகின்றன. கணினி ரீஸ்டார்ட் ஆனதும் பழைய விண்டோஸ் Windows.old என்ற ஃபோல்டருக்குள் தள்ளப்படுகிறது, புதியது அதன் இடத்தில் உட்காருகிறது. ஆக, விண்டோஸ் என்ற அளவில் அது புத்தம் புதியதுதான். சிஸ்டம் பைல்கள் கெட்டுப்போய் அதனால் தொல்லை இருந்திருந்தால் அப்கிரேடிலேயே சரியாகிவிடும்.

அடுத்த கட்டத்தில்தான் சிக்கல். நீங்கள் பத்தாண்டாக ஏற்றிய மென்பொருள்கள், அவை பின்னணியில் ஓடவிட்டிருக்கும் சர்வீஸ்கள், ஆன் செய்ததும் தானாகத் திறக்கும் புரோகிராம்கள், மணிக்கொரு முறை எழுந்து ‘அப்டேட் இருக்கிறதா’ என்று பார்க்கும் வேலைகள், எப்போதோ வாங்கி எறிந்த பிரிண்டரின் டிரைவர், ரெஜிஸ்ட்ரியில் இவற்றுக்கான பதிவுகள் என எல்லாவற்றையும் அப்கிரேடு பத்திரமாக எடுத்துப் புதிய விண்டோஸுக்குள் வைக்கிறது. அதன் வேலையே அதுதான். எதையும் இழக்காமல் மாற்றித் தருவது. வீடு மாறும்போது பழைய வீட்டுப் பரணில் கிடந்ததைக்கூட விடாமல் லாரியில் ஏற்றிவருவதைப் போன்றது இது. கணினியை மந்தமாக்கியது அந்தப் பரண் சரக்குதான் என்றால், அப்கிரேடு முடிந்த மறுநாளும் அது மந்தமாகவே இருக்கும்.

அப்படியானால் தெரியவேண்டியது ஒன்றுதான். மந்தத்துக்குக் காரணம் சேர்ந்துபோன சரக்கா, கணினியின் உறுப்பா?

நான் சரிசெய்துகொடுத்த ஒரு கணினியை வைத்தே இதைச் சொல்கிறேன். அது ஒரு ஜெராக்ஸ் கடையின் டெஸ்க்டாப். பகலில் கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் டிசைன் செய்யும். மாலையில் பக்கத்துக் கடைகளுக்கு டேலியில் கணக்கு எழுதி ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யும். இன்டெல் கோர் ஐ3-8100 பிராசஸர், 4 ஜி.பி. ரேம், ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க். அந்த டிஸ்க்கில் சி டிரைவுக்கு 100 ஜி.பி. ஒதுக்கியிருந்தார்கள், அதில் 6 ஜி.பி.தான் காலியாக இருந்தது. இரண்டு ஆன்டிவைரஸ், வேகப்படுத்துவதாகச் சொல்லிக்கொண்டு வந்த ஒரு ‘கிளீனர்’, வெவ்வேறு காலத்துப் பிரிண்டர்களின் மென்பொருள்கள், தூரத்திலிருந்து இயக்கும் புரோகிராம்கள் இரண்டு. எல்லாமே கணினி ஆன் ஆனதும் எழுந்துகொள்பவை.

கடை நடத்தும் அக்காவுக்கு ஒரே பயம்தான். “ஃபார்மட் போட்டா ஃபான்ட் எல்லாம் போயிடுமே தம்பி, பழைய பத்திரிகை பைல் ஒண்ணும் திறக்காதே?” நியாயமான பயம். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் Ctrl, Shift, Esc மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினோம். டாஸ்க் மேனேஜர் திறந்தது. Performance பக்கத்தில் டிஸ்க்கைத் தொட்டால் அது HDD-யா SSD-யா என்று காட்டும். இது HDD. பக்கத்தில் Active time 100 சதவீதத்தில் நின்றது, கணினியில் யாரும் எந்த வேலையும் செய்யாதபோதே. நினைவகம் 4 ஜி.பி.யில் பெரும்பகுதி நிரம்பியிருந்தது. பிராசஸர் மட்டும் ஏறக்குறைய சும்மா இருந்தது. மந்தமான பழைய கணினிகள் பெரும்பாலானவற்றில் காணும் காட்சி இதுதான். பிராசஸர் வேலைக்குக் காத்திருக்கிறது, டிஸ்க் தர முடியாமல் திணறுகிறது.

ஏன் திணறுகிறது? ஹார்டு டிஸ்க்குக்குள் தட்டு சுழல்கிறது. படிக்கும் முனை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு நகரவேண்டும். ஒவ்வொரு தாவலுக்கும் சுமார் 10 மில்லி விநாடி பிடிக்கும். அதாவது விநாடிக்கு நூறு தாவல் செய்தாலே அதிகம். விண்டோஸ் துவங்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச்சின்ன பைல்களை அங்குமிங்குமிருந்து எடுக்கிறது. எஸ்.எஸ்.டி.யில் நகரும் பாகமே கிடையாது, சாதாரண எஸ்.எஸ்.டி.கூட விநாடிக்குப் பல்லாயிரம் தாவல்கள் தரும். ரேம் போதாமல் போனால் நிலைமை இன்னும் மோசம். இடமில்லாத நினைவகம், வைத்திருப்பதை டிஸ்க்குக்கு அனுப்பிவிட்டு மறுபடி வாங்குகிறது. அதனால் ரேம் குறைபாடும் டிஸ்க் குறைபாடாகவே திரையில் தெரியும்.

இதுவரை கிடைத்ததை வைத்துச் ‘சரி, எஸ்.எஸ்.டி. போட்டால் போதும்’ என்று முடிவுகட்டலாம். ஆனால் சரக்கின் பங்கு எவ்வளவு என்று இன்னும் தெரியவில்லை. அதற்கு எதையும் அழிக்காமலே செய்யக்கூடிய ஒரு ஒத்திகை இருக்கிறது. கிளீன் பூட் என்பார்கள். விண்டோஸ் விசையோடு R அழுத்தி இதைத் தட்டச்சு செய்யவேண்டும்:

```
msconfig
```

திறக்கும் சன்னலில் Services பக்கத்துக்குப் போய், முதலில் Hide all Microsoft services என்ற கட்டத்தில் டிக் செய்யவேண்டும். இதை மறந்துவிட்டால் விண்டோஸுக்கே தேவையான சர்வீஸ்களும் நின்றுபோய், பின் எண் போட்டு உள்ளே நுழைவதிலேயே தகராறு வரக்கூடும். டிக் செய்த பிறகு Disable all. அடுத்து டாஸ்க் மேனேஜரின் Startup பக்கத்தில் இருப்பவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு, ரீஸ்டார்ட் செய்யவேண்டும். ஷட்டவுன் செய்து ஆன் செய்வது போதாது. Fast startup என்ற வசதி இயங்கினால் ஷட்டவுனின்போது விண்டோஸின் ஒரு பகுதி உறங்கத்தான் போகிறது, முழுதாக அணைவதில்லை. ரீஸ்டார்ட்தான் உண்மையான புதுத் துவக்கம்.

இப்படித் துவங்கிய கணினி, வெளியிலிருந்து வந்த எதுவும் பின்னணியில் ஓடாத கணினி. கிளீன் இன்ஸ்டால் செய்தால் அது ஏறத்தாழ எப்படி இருக்கும் என்று இங்கேயே பார்த்துவிடலாம். பளிச்சென்று வேகம் கூடினால், மந்தத்துக்குக் காரணம் சரக்கு. ஃபார்மட் பலன் தரும். கொஞ்சம்கூட மாறவில்லை என்றால் எத்தனை முறை ஃபார்மட் போட்டாலும் அதே கணினிதான்; பணத்தை உறுப்பில் செலவிடவேண்டும். பார்த்து முடித்ததும் msconfig-இன் General பக்கத்தில் Normal startup-ஐத் தேர்ந்தெடுத்து, டாஸ்க் மேனேஜரின் Startup பக்கத்தில் நிறுத்தியவற்றையும் மறுபடி இயக்கிவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

அந்தக் கடைக் கணினி இரண்டுக்கும் நடுவில் நின்றது. துவங்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆனால் குரோமில் நான்கு பக்கங்களைத் திறந்ததும் டிஸ்க் மறுபடி நூறைத் தொட்டது. சரக்கும் உண்டு, உறுப்புக் குறையும் உண்டு. இன்னொரு விஷயமும் முடிவை எளிதாக்கியது. சி டிரைவில் இருந்த 6 ஜி.பி. காலியிடத்தில் அப்கிரேடு நடக்கவே நடக்காது. புதிய விண்டோஸ், பழைய விண்டோஸ் இரண்டையும் கொஞ்சகாலம் ஒன்றாக வைத்திருக்க வேண்டியிருப்பதால் 20 ஜி.பி.க்கு மேலாவது காலியாக இருந்தால்தான் அது நிம்மதியாக முடியும். குப்பை சேர்ந்த கணினிகளில் அப்கிரேடு பாதியில் நின்று, Undoing changes made to your computer என்று சொல்லிப் பழைய இடத்துக்கே திரும்புவதற்கு இடப் பற்றாக்குறையும் ஒத்துவராத பழைய டிரைவர்களும் வழக்கமான காரணங்கள். 0xC1900101 என்று தொடங்கும் பிழை எண் வந்தால் பெரும்பாலும் டிரைவர்தான் குற்றவாளி.

ஆக, செய்யவேண்டியது தெரிந்துவிட்டது. ரேமை 8 ஜி.பி. ஆக்குவது, ஒரு 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. வாங்குவது, அதில் விண்டோஸ் 11-ஐப் புதிதாக ஏற்றுவது. ஐ3-8100 எட்டாம் தலைமுறை பிராசஸர் என்பதால் விண்டோஸ் 11 அதை ஏற்கும். இன்டெலில் சில விதிவிலக்குகள் தவிர ஏழாம் தலைமுறையும் அதற்கு முந்தையதும் அதிகாரப்பூர்வமாக ஏற்கப்படுவதில்லை. TPM 2.0 என்ற பாதுகாப்புப் பகுதியும் இயங்கவேண்டும். இந்தக் கணினியில் அது இருந்தும் பயாஸில் அணைக்கப்பட்டிருந்தது. இன்டெல் போர்டுகளில் PTT என்ற பெயரில் இருக்கும், அதை ஆன் செய்தால் போதும்.

புது எஸ்.எஸ்.டி.யில் ஏற்றுவதற்கு வேகத்தைத் தாண்டி இன்னொரு காரணம் உண்டு. எனக்கு அதுதான் முக்கியம். பழைய ஹார்டு டிஸ்க் கைபடாமல் அப்படியே இருக்கிறது. ‘எல்லாம் போயிடுமே’ என்ற பயம் அங்கேயே தீர்கிறது. ஒரே டிஸ்க்கில் சி-யை அழித்து டி-யை விட்டுவைக்கிறேன் என்று இறங்குபவர்கள் தவறு செய்யும் இடம் ஒன்றுண்டு. விண்டோஸ் செட்டப் திரையில் சி, டி என்ற எழுத்துகள் காட்டப்படுவதில்லை. Disk 0 Partition 1, Partition 2 என்று வரிசையாக நிற்கும். அளவைப் பார்த்துத்தான் அடையாளம் காணவேண்டும். அவசரத்தில் ஒரு வரி மாறி Delete அழுத்தினால் பல வருடப் படங்கள் அந்த நொடியில் போகும். தனி எஸ்.எஸ்.டி. என்றால் இந்த ஆபத்தே கிடையாது.

ஃபார்மட்டில் விண்டோஸ் ஏறுவது சின்ன வேலை. எஸ்.எஸ்.டி.யில் பெரும்பாலும் அரை மணிக்குள் முடிந்துவிடும். அதற்கு முன்னால் செய்யவேண்டிய கணக்கெடுப்புதான் நேரம் பிடிக்கும். புது விண்டோஸில் எவையெல்லாம் திரும்ப வேண்டும், அவற்றில் எவை வெறும் பைல், எவை மறுபடி இன்ஸ்டால் செய்தாக வேண்டியவை? டாக்குமென்ட், படம், வீடியோ வெறும் பைல். காப்பி செய்தால் முடிந்தது. மென்பொருள் அப்படியல்ல. Program Files ஃபோல்டரை அப்படியே எடுத்துவந்து வைத்தால் பெரும்பாலானவை ஓடாது. ரெஜிஸ்ட்ரியிலும் விண்டோஸ் ஃபோல்டரிலும் அவற்றின் பாதி உயிர் இருக்கிறது. இன்ஸ்டால் செய்யும் பைலோ சிடியோ கையில் வேண்டும்.

அதனால் என்னென்ன ஏறியிருக்கின்றன என்று பழைய விண்டோஸிலேயே ஒரு பட்டியல் எடுத்துக்கொண்டோம். கமாண்ட் பிராம்ப்டில் இந்த ஒரு வரி போதும்:

```
winget list > D:\programs.txt
```

நீளமான பட்டியல் வந்தது. அக்காவோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்து, “இது எதுக்கு?” என்று கேட்டுக்கொண்டே போனேன். பாதிக்கு மேல் எதற்கென்றே அவருக்குத் தெரியவில்லை. உண்மையில் தேவைப்பட்டவை ஒரு கைவிரல் எண்ணிக்கையைத் தாண்டிச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுப்பதைப் போலப் பயனுள்ள வேலை வேறில்லை. சரக்கு எங்கிருந்து வந்தது என்பதும் இங்கேதான் தெரியும்.

இப்போது ஃபான்ட். தமிழில் டிசைன் செய்யும் கடைகளுக்கென்றே உள்ள பிரச்சினை இது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் யுனிகோடுக்கு முந்தைய முறையில் ஆனவை. அவற்றில் அடித்த பைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும்தான். எழுத்துரு அவற்றைத் தமிழ் வடிவமாகக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் அதே கல்யாணப் பத்திரிகை அர்த்தமில்லாத ஆங்கிலக் கிறுக்கலாகத் திறக்கும். பைல் கெட்டுவிட்டதாக எண்ணிக் கலங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். பைலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. எழுத்துருவைப் போட்டதும் தமிழ் திரும்பிவிடும். எழுத்துருக்கள் இரண்டு இடங்களில் இருக்கக்கூடும். ஒன்று எல்லோருக்கும் தெரிந்த C:\Windows\Fonts. இன்னொன்று, விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளில் ஒரே பயனருக்கு மட்டும் ஏற்றியவை போய்ச் சேரும் இடம்:

```
%LOCALAPPDATA%\Microsoft\Windows\Fonts
```

இந்த இரண்டாவது இடத்தை மறப்பவர்கள்தான் அதிகம். அந்தக் கடையில் பாதிக்கும் மேற்பட்ட தமிழ் எழுத்துருக்கள் அங்கேதான் இருந்தன. இரண்டிலிருந்தும் எடுத்துத் தனி ஃபோல்டரில் வைத்தோம். விண்டோஸோடு வரும் எழுத்துருக்களைத் திரும்ப ஏற்றத் தேவையில்லை; தமிழ் எழுத்துருக்கள் போதும். தட்டச்சுக்கு அவர் வைத்திருந்த என்.எச்.எம். ரைட்டரின் இன்ஸ்டால் பைலையும் சேர்த்துக்கொண்டோம்.

டேலிக்கு இரண்டு வேலைகள். கணக்குத் தரவை டேலிக்குள்ளேயே பேக்கப் எடுத்துப் பென் டிரைவில் போடுவது ஒன்று. லைசென்ஸைச் சரண்டர் செய்வது மற்றொன்று. டேலியின் லைசென்ஸ் அந்தக் கணினியோடு கட்டுண்டிருக்கிறது. பழைய விண்டோஸ் இயங்கும்போதே Surrender கொடுத்துவிட்டால் புதியதில் சிக்கலின்றி ஆக்டிவேட் செய்யலாம். ஜி.எஸ்.டி. தாக்கலுக்கான டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைப் பற்றிப் பயம் வேண்டாம். சான்றிதழ் அந்த யு.எஸ்.பி. டோக்கனுக்குள்ளேயே இருக்கிறது, டிரைவரை மட்டும் மறுபடி ஏற்றவேண்டும். குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள் கூகுள் கணக்கோடு இணைந்திருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொண்டோம்.

பழைய ஸ்கேனர், பார்கோடு கருவி போன்றவற்றின் டிரைவர் இணையத்தில் கிடைக்காமல் போகலாம். இருக்கும் டிரைவர்கள் அத்தனையையும் ஒரு ஃபோல்டரில் எடுத்துவைக்க, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் இப்படி:

```
mkdir D:\drivers
pnputil /export-driver * D:\drivers
```

இது ஆபத்துக்கு உதவும் கையிருப்பு. மொத்தத்தையும் புதியதில் கொட்டக்கூடாது. விண்டோஸ் அப்டேட் தானாகக் கண்டுபிடிக்காத கருவிக்கு மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

விண்டோஸின் லைசென்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. Settings-இல் Activation பக்கத்தில் digital license என்றிருந்தால் கவலையில்லை. அந்த உரிமம் முக்கியமாக மதர்போர்டோடு சேர்ந்தது. டிஸ்க் மாறினால் போகாது. அதே ஹோம் அல்லது புரோ பதிப்பை ஏற்றி இணையத்தில் இணைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். மாறாக, வீட்டுக் கணினியிலோ கடைக் கணினியிலோ organization's activation service என்று அங்கே எழுதியிருந்தால், யாரோ முன்பு கிராக் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். அப்படிப்பட்ட கணினியை அப்கிரேடு செய்யவே கூடாது. கிராக்கோடு வேறு எது உள்ளே வந்தது என்று யாருக்கும் தெரியாது. அதையும் சேர்த்துத்தான் அப்கிரேடு புதிய விண்டோஸுக்குக் கொண்டுபோகும். வைரஸ் ஏறிய கணினிக்கும் இதே பதில்தான்.

இனி ஏற்றும் வேலை. வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்டின் Media Creation Tool-ஐக் கொண்டு 8 ஜி.பி. அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவில் விண்டோஸ் 11-ஐத் தயார் செய்தோம். பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும். பிறகு கடைக் கணினியைத் திறந்து எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தி, பழைய ஹார்டு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவைத்தோம். இதைக் கட்டாயம் செய்யவேண்டும். இரண்டு டிஸ்க்கும் இணைந்திருந்தால் விண்டோஸ் எஸ்.எஸ்.டி.யில் ஏறினாலும், கணினி துவங்கத் தேவையான சின்னப் பகுதி பழைய டிஸ்க்கிலேயே இருந்துவிடக் கூடும். எல்லாம் நன்றாக ஓடும். என்றைக்குப் பழைய டிஸ்க்கைக் கழற்றுகிறீர்களோ அன்றைக்குக் கணினி துவங்காது. காரணம் தெரியாமல் எஸ்.எஸ்.டி.யைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

பென் டிரைவிலிருந்து துவக்க, ஆன் செய்தவுடன் F12 போன்ற ஒரு விசையைத் தட்டவேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். பிராடக்ட் கீ கேட்டால் I don't have a product key. டிஸ்க் கேட்கும் இடத்தில் ஒரே வரிதான் இருக்கும், Unallocated Space. அதைத் தேர்ந்தெடுத்து Next. வேறெதையும் தொடவேண்டாம், தேவையான பகுதிகளை விண்டோஸே பிரித்துக்கொள்ளும். அண்மைக்கால இன்டெல் லேப்டாப்களில் இந்த இடத்தில் டிஸ்க்கே தெரியாமல் போவதுண்டு. டிஸ்க் கெட்டுவிடவில்லை, இன்டெலின் ஸ்டோரேஜ் டிரைவரை லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து முன்பே இறக்கிப் பென் டிரைவில் வைத்து, அங்கேயே Load driver கொடுத்தால் தெரியும். கடைசிக் கட்டத்தில் இணையம் கேட்கும். வைஃபை டிரைவர் ஏறாமல் மாட்டிக்கொண்டால், ஆண்ட்ராய்டு போனை கேபிளில் இணைத்து யு.எஸ்.பி. டெதரிங் ஆன் செய்தால் பெரும்பாலும் வழி திறந்துவிடும்.

விண்டோஸ் வந்ததும் கணினியை அணைத்து, பழைய டிஸ்க்கின் கேபிளைத் திரும்ப மாட்டினோம். பயாஸில் எஸ்.எஸ்.டி. முதலில் துவங்கும்படி வைத்துவிட்டால், பழைய டிஸ்க் வெறும் கிட்டங்கியாகத் தெரியும். அதிலுள்ள பழைய பயனரின் ஃபோல்டரைத் திறந்தால் அனுமதியில்லை என்று சொல்லும். Continue கொடுத்தால் திறக்கும். ஒரு எச்சரிக்கை, குறிப்பாக லேப்டாப்காரர்களுக்கு. பழைய டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ இல்லாமல் படிக்க முடியாது. பழைய விண்டோஸ் உயிரோடு இருக்கும்போதே aka.ms/myrecoverykey என்ற முகவரியில் அந்தக் கீ இருக்கிறதா என்று பார்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு எதை ஏற்றவில்லை என்பதுதான் வேகத்தைக் காத்தது. ஆன்டிவைரஸ் தனியாகப் போடவில்லை. விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் போதும். கிளீனர் எதுவும் கிடையாது. பிரிண்டருக்கு டிரைவர் மட்டும், அதோடு வரும் அலங்கார மென்பொருள் வேண்டாம். ஒவ்வொரு புரோகிராமையும் தேவை வந்த அன்றைக்குத்தான் ஏற்றினோம். முதல் நாளில் அப்டேட் இறங்கும், தேடுதலுக்கான அட்டவணை தயாராகும், டிஸ்க் பரபரப்பாக இருக்கும். அன்றைய வேகத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது. மூன்றாம் நாள் பார்த்தபோது, ஆன் செய்து அரை நிமிடத்துக்குள் வேலைக்குத் தயாராக நின்றது.

அப்கிரேடுக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. இன்ஸ்டால் செய்யும் சிடி தொலைந்துபோன, நிறுவனமே கைவிட்ட ஒரு மென்பொருளை நம்பித் தொழில் ஓடுகிறது என்றால் அப்கிரேடைத்தான் சொல்வேன். கிளீன் பூட்டில் வேறுபாடு தெரியவில்லை, டிஸ்க்கும் எஸ்.எஸ்.டி.தான், ஆனால் அப்டேட்கள் தோற்கின்றன, ஸ்டார்ட் மெனு திறக்க மறுக்கிறது என்றாலும் அப்கிரேடுதான் மருந்து. சிஸ்டம் பைல்கள் புதிதாகிவிடும். அப்போது Choose what to keep என்ற திரையைக் கவனியுங்கள். Keep personal files and apps என்ற வாய்ப்பு மங்கிக் கிடந்தால் பெரும்பாலும் மொழிதான் காரணம். உங்கள் விண்டோஸ் அமெரிக்க ஆங்கிலம், இறக்கிய பதிப்பு English International, அல்லது தலைகீழ். சரியான பதிப்பை இறக்கினால் வாய்ப்பு தெளியும். அப்கிரேடு பிடிக்கவில்லையென்றால் பத்து நாளுக்குள் Recovery பக்கத்தில் Go back கொடுத்துத் திரும்பலாம். பத்து நாள் கழிந்தால் Windows.old தானே அழிக்கப்படும், திரும்பும் வழியும் அதோடு போய்விடும்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. பென் டிரைவும் வேண்டாம், கழற்றி மாட்டவும் தெரியாது என்பவர்கள் Reset this PC-இல் Keep my files தேர்ந்தெடுக்கலாம். சொந்தக் கோப்புகள் தங்கும், நீங்கள் ஏற்றிய மென்பொருள்கள் போகும். எவை போயின என்று டெஸ்க்டாப்பில் ஒரு பட்டியலும் கிடைக்கும். சரக்கு மட்டுமே பிரச்சினையாக இருக்கும் வீட்டுக் கணினிக்கு இது நல்ல வழி. கோப்புகளை அதற்கு முன் வெளியே ஒரு பிரதி எடுத்தாக வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய பிராசஸர் வைத்திருப்பவர்கள், அதற்கான கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்திருந்தால் 2026 அக்டோபர் 13 வரை விண்டோஸ் 10-இலேயே இருக்க முடியும். அவர்களுக்கும் புது எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸ் 10-ஐயே சுத்தமாக ஏற்றுவது அதே வேகத்தைத் தரும்.

பழைய டிஸ்க்கை எப்போது அழிப்பது என்று அக்கா கேட்டார். “இப்ப வேண்டாங்க்கா. ஒரு முகூர்த்த சீசன் போகட்டும், வருஷக் கணக்கும் ஒரு தடவை தாக்கல் ஆகட்டும். அதுக்குள்ள விட்டுப்போனது என்னன்னு தெரிஞ்சிடும்” என்றேன். அடுத்த வாரமே ஒன்று தெரிந்தது. ஒரு பழைய வாடிக்கையாளரின் பத்திரிகைக்கான பார்டர் டிசைன்கள், டாக்குமென்ட்ஸிலும் இல்லை, டி டிரைவிலும் இல்லை. டிசைன் மென்பொருளின் சொந்த ஃபோல்டருக்குள்ளேயே சேமிக்கப்பட்டிருந்தன. பழைய டிஸ்க்கிலிருந்து எடுத்துக்கொண்டார்.